லிண்டா முந்தினாளா, மேரி தோற்றாளா?

உங்கள் வகுப்பில் உங்கள் பெயரே கொண்ட இன்னொருவர் இருக்கிறாரா? இருந்தால் ஆசிரியர் அழைக்கும்போது இரண்டு பேரும் எழுந்து நிற்பீர்கள். பிறகு இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட்டால்தான் குழப்பம் தீரும்.

சரி, உங்கள் பெயர் ரொம்பப் பேருக்கு இருக்கும் பெயரா, அபூர்வமான பெயரா? தாத்தா காலத்தில் அதிகம் இருந்து இப்போது குறைந்துவிட்டதா? "எங்க தெருவிலேயே மூணு பேர் இருக்காங்க சார்" என்று சிலர் சொல்வீர்கள். தெருவை வைத்து நாட்டைச் சொல்ல முடியுமா? முடியாது. அதற்கு ஒரு பெரிய பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டைச் சரியாகப் படிக்கவும் தெரிய வேண்டும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். அமெரிக்காவில் மேரி, லிண்டா என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவே நடந்த போட்டிதான் நமக்குப் பாடம்.

பெயர் தேடிய அப்பா

அமெரிக்காவில் 1935ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. வேலை செய்பவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வயதான காலத்தில் பென்ஷனாகக் கொடுக்கும் சட்டம் அது. யார் எவ்வளவு கட்டினார் என்று கணக்கு வைக்க ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தேவைப்பட்டது. அதனால் 1936ம் ஆண்டு முதல் 'சோஷியல் செக்யூரிட்டி' அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். அட்டைக்கு விண்ணப்பிப்பவர் தன் பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பிறந்த இடம் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து கோடிக்கணக்கான விண்ணப்பங்கள் ஆகிவிட்டன.

யாருக்கு எவ்வளவு பென்ஷன் என்று கணக்குப் பார்ப்பதற்காகச் சேர்த்த விவரங்கள் அவை. பெயரைப் பற்றி அப்போது யாருக்கும் அக்கறை இல்லை. 1997ம் ஆண்டு அந்த அலுவலகத்தில் கணக்கு நிபுணராக வேலை பார்த்த மைக்கேல் ஷாக்கில்ஃபோர்டு என்பவர் வீட்டில் குழந்தை பிறக்க இருந்தது. அமெரிக்க ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்தது எது தெரியுமா? மைக்கேல்தான்! எங்கே போனாலும் தன் பெயரிலேயே நாலு பேர் இருப்பது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. தன் குழந்தைக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்று நினைத்தார். எந்த ஆண்டில் எந்தப் பெயரை எத்தனை பேருக்கு வைத்திருக்கிறார்கள் என்று அந்த விண்ணப்பங்களிலிருந்தே கம்ப்யூட்டரில் எண்ணிப் பார்த்தார். அந்தப் பட்டியல்தான் பிறகு பொதுமக்கள் பார்க்க வெளியிடப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் புதுப் பட்டியல் வருகிறது.

பட்டியல் எப்படி இருக்கும்?

ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கோப்பு. 1880ல் பிறந்தவர்களிலிருந்து தொடங்குகிறது. 1947ல் பிறந்தவர்களின் கோப்புக்குப் பெயர் `yob1947.txt`. திறந்தால் வரிவரியாக இருக்கும். ஒரு வரியில் மூன்றே விஷயங்கள்தான்: பெயர், பெண்ணுக்கு `F` அல்லது ஆணுக்கு `M` என்ற எழுத்து, எண்ணிக்கை. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். அதிகம் பேருக்கு வைத்த பெயர் மேலே இருக்கும்.

ஆக, பெண்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்த்தாலே அந்த ஆண்டின் முதலிடம் தெரிந்துவிடும். 1880லிருந்து 1946 வரை எந்த ஆண்டுக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியில் மேரிதான். 67 ஆண்டுகள் அசையாத முதலிடம்! 1947ம் ஆண்டுக் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் லிண்டா வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன நடந்தது? மேரி என்ற பெயர் மக்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டதா? எண்ணிக்கையைப் பார்ப்போம். (பழைய ஆண்டுகளுக்கும் விவரங்கள் சேர்ந்துகொண்டே இருப்பதால் எண்கள் துளித்துளி மாறும். அதனால் சுமாராகச் சொல்கிறேன்.)

1946ல் மேரி சுமார் 67,400, லிண்டா சுமார் 52,700.

1947ல் மேரி சுமார் 71,600, லிண்டா சுமார் 99,600.

மேரியைக் கவனித்தீர்களா? ஒரே ஆண்டில் 4,000க்கு மேல் கூடியிருக்கிறது! முதலிடம் போன ஆண்டில் மேரிகள் அதிகமாகியிருக்கிறார்கள். அப்படியானால் மேரியின் மவுசு கூடியதா, குறைந்ததா?

வகுத்தால்தான் உண்மை தெரியும்

உங்கள் பள்ளியில் போன வருடம் 200 பேர் படித்தார்கள், அதில் 20 பேர் கண்ணாடி போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வருடம் 400 பேர் படிக்கிறார்கள், 30 பேர் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனால் முன்பு பத்துப் பேருக்கு ஒருவர் என்று இருந்தது இப்போது பதின்மூன்று பேருக்கு ஒருவர் என்றுகூட இல்லை. கூடியது பள்ளி, கண்ணாடி அல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போர் 1945ல் முடிந்தது. போருக்குப் போன வீரர்கள் ஊர் திரும்பினார்கள், குடும்பம் நடத்த ஆரம்பித்தார்கள். குழந்தைகள் ஏராளமாகப் பிறந்தன. இந்த அட்டைக் கணக்கின்படி 1946ல் பிறந்த பெண் குழந்தைகள் சுமார் 16 லட்சம். 1947ல் பிறந்தவர்கள் சுமார் 18 லட்சத்து 20 ஆயிரம்.

இப்போது பென்சிலை எடுங்கள். பெயரின் எண்ணிக்கையை மொத்தப் பெண் குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்து, 1,000ஆல் பெருக்குங்கள். ஆயிரம் பெண் குழந்தைகளுக்கு எத்தனை பேர் என்று கிடைக்கும்.

1946ல் மேரி: 67,400 ÷ 16,00,000 × 1,000 = ஏறக்குறைய 42.

1947ல் மேரி: 71,600 ÷ 18,20,000 × 1,000 = ஏறக்குறைய 39.

1946ல் லிண்டா: 52,700 ÷ 16,00,000 × 1,000 = ஏறக்குறைய 33.

1947ல் லிண்டா: 99,600 ÷ 18,20,000 × 1,000 = ஏறக்குறைய 55.

விடை வந்துவிட்டது. மேரி ஆயிரத்துக்கு 42லிருந்து 39 ஆகக் குறைந்தது. எண்ணிக்கை கூடியதற்குக் காரணம், மொத்தத்தில் குழந்தைகளே அதிகம் பிறந்ததுதான். லிண்டாவோ 33லிருந்து 55க்குத் தாவியது. ஒரே ஆண்டில் இப்படித் தாவுவது லேசில் நடக்காது. அந்த ஆண்டு பிறந்த பெண் குழந்தைகளில் பதினெட்டுப் பேருக்கு ஒருத்தி லிண்டா!

பாட்டுதான் காரணமா?

ஏன் இந்தத் தாவல்? அமெரிக்காவில் பலரும் ஒரு பாட்டைக் கை காட்டுவார்கள். ஜாக் லாரன்ஸ் என்ற பாடலாசிரியர் 'லிண்டா' என்று ஒரு பாட்டு எழுதினார். அவருடைய வக்கீலின் குட்டிப் பெண் லிண்டா ஈஸ்ட்மனுக்காக எழுதியது அது. (அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பீட்டில்ஸ் இசைக் குழுவின் பால் மெக்கார்ட்னியை மணந்த லிண்டா மெக்கார்ட்னி.) பட்டி கிளார்க் என்பவர் பாடி, 1947ல் ரேடியோவில் எங்கும் ஒலித்தது.

பாட்டு வந்த ஆண்டும் தாவிய ஆண்டும் ஒன்றுதான். ஆகவே பாட்டால்தான் லிண்டா பிரபலமானது என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். முந்தைய ஆண்டுகளின் கோப்புகளையும் திறந்து பாருங்கள். 1940லேயே சுமார் 18,000 பெண் குழந்தைகளுக்கு லிண்டா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1946ல், பாட்டு பிரபலம் ஆகும் முன்பே, இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. பாட்டுக்குக் காரணமான குழந்தையே 1941ல் பிறந்தவள். அவளுக்கு அந்தப் பாட்டைக் கேட்டா பெயர் வைத்தார்கள்?

ஆக, லிண்டா ஏற்கனவே மேடேறிக்கொண்டிருந்த பெயர். பாட்டு பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு பெயருக்குக் காரணம் தேடும்போது, காரணம் என்று நினைப்பது நடப்பதற்கு ஐந்து, பத்து ஆண்டுகள் முன்பிருந்தே கணக்கைப் பார்க்க வேண்டும். ஏற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தால், அது முழுக் காரணம் அல்ல.

லிண்டா 1952 வரை முதலிடத்தில் இருந்தது. 1953ல் மேரி திரும்பவும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மேரி மறுபடி வளர்ந்துவிட்டதா? இல்லை! ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தால், 1953ல் மேரி 1947ல் இருந்ததைவிடக் குறைவுதான். லிண்டா அதைவிட வேகமாக இறங்கியதால் மேரிக்கு முதலிடம் கிடைத்தது. ஓட்டப் பந்தயத்தில் முன்னால் ஓடியவர் களைத்துப் போனால், மெதுவாக ஓடுகிறவரும் முதலில் வருவார் அல்லவா? இடத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. பங்கைப் பார்த்தால்தான் தெரியும்.

1880ல் ஒரு கண்ணி

இப்போது முதல் கோப்புக்குப் போவோம். 1880ம் ஆண்டுக் கோப்பில் மேரிகள் 7,065 பேர்தான். அமெரிக்கா முழுவதும் அந்த ஆண்டு பிறந்த மேரிகள் ஏழாயிரம் பேர்தானா? அட்டைக் கணக்கின்படி அந்த ஆண்டு பிறந்த எல்லாப் பெண் குழந்தைகளையும் சேர்த்தாலும் சுமார் 97,600தான் வருகிறது. அவ்வளவு பெரிய நாட்டில் ஒரு லட்சம் பெண் குழந்தைகள்கூடப் பிறக்கவில்லையா?

பிறந்தார்கள். பதிவேட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். அட்டை கொடுக்க ஆரம்பித்தது 1936ல் என்று முன்பே சொன்னேன். 1880ல் பிறந்த மேரிக்கு அப்போது 56 வயது. அவள் அதுவரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். அட்டை கேட்டு விண்ணப்பமும் போட்டிருக்க வேண்டும். சிறு வயதில் இறந்து போனவர்களும், வீட்டு வேலையோடு இருந்துவிட்டு அட்டையே வாங்காத பாட்டிமார்களும் இந்தக் கணக்கில் இல்லை.

அதனால் 7,065ஐ 71,600 உடன் நேராக ஒப்பிட்டு, "மேரி பத்து மடங்கு வளர்ந்தது" என்று எழுதினால் அது தப்பு. இங்கும் வகுத்தல்தான் கைகொடுக்கும். 7,065 ÷ 97,600 × 1,000 = ஏறக்குறைய 72. ஆக, 1880ல் ஆயிரத்துக்கு 72 பேராக இருந்த மேரி, 1947ல் 39 ஆனது. வளர்ந்த மாதிரி தெரிந்த பெயர் உண்மையில் பாதியாகக் குறைந்திருக்கிறது! ஆனாலும் இந்த 72 என்ற எண்ணை அட்டை வாங்கியவர்களிடையே இருந்த பங்கு என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: இதில் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள்?

இன்னொரு விடுபடலும் உண்டு. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயரைப் பட்டியலில் போட மாட்டார்கள். அபூர்வமான பெயரை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்றால், ஒருவருக்கும் வைக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நான்கு பேர் வரை இருக்கலாம்.

குழந்தைகளை எண்ணுவதா, மனிதர்களை எண்ணுவதா?

"லிண்டா என்பது இப்போது அதிகம் பேருக்கு இருக்கும் பெயரா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பிறந்தவர்கள் பட்டியலைப் பார்த்தால், சமீப ஆண்டுகளில் ஆண்டுக்குச் சில நூறு குழந்தைகளுக்கே அந்தப் பெயரை வைக்கிறார்கள். 1990ம் ஆண்டிலேயே லிண்டா முதல் நூறு இடங்களுக்குள் இல்லை.

ஆனால் அதே 1990ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, எல்லா வயதுப் பெண்களின் பெயர்களையும் வைத்து வேறு ஒரு பட்டியல் எடுத்தார்கள். அதில் மேரி முதலிடம், பட்ரீஷியா இரண்டு, மூன்றாம் இடத்தில் யார்? நம் லிண்டா! ஆயிரம் பெண்களுக்குப் பத்துப் பேர் லிண்டா.

இரண்டு பட்டியலும் சரிதான். ஒன்று அந்த ஆண்டு பிறந்தவர்களைச் சொல்கிறது. இன்னொன்று அந்த ஆண்டு உயிரோடு இருந்த எல்லோரையும் சொல்கிறது. 1947ல் பிறந்த லிண்டாக்களுக்கு 1990ல் 43 வயது. அலுவலகங்களிலும் கடைகளிலும் அவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். தொட்டிலில்தான் லிண்டா இல்லை. ஆகவே, ஒரு பெயர் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று கேட்பதற்கு முன், எந்த வயதுக்காரர்களிடையே என்று கேட்க வேண்டும்.

நம் ஊரில் செய்து பார்ப்போமா?

நம் நாட்டில் எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவேடு ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியல். வாக்குச்சாவடி வாரியாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, ஆணா பெண்ணா என்ற விவரங்கள் இருக்கும். வயது இருப்பதால்தான் நம் வேலைக்கு உதவுகிறது. அப்பாவையோ அம்மாவையோ உடன் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பட்டியலில் 'லட்சுமி'யை எண்ணிப் பாருங்கள்.

எண்ணும் முன் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள். லட்சுமி, லக்ஷ்மி, இலட்சுமி மூன்றும் ஒன்றா, வேறு வேறா? தனலட்சுமி, விஜயலட்சுமியைச் சேர்க்கலாமா? அமெரிக்கப் பட்டியலில் ஓர் எழுத்து மாறினாலும் தனி வரிதான். Linda ஒரு வரி, Lynda இன்னொரு வரி. நீங்கள் எந்த விதியையும் வைக்கலாம். ஆனால் பாதியில் மாற்றக் கூடாது.

பிறகு பெண்களை வயது வாரியாகப் பிரியுங்கள். உதாரணத்துக்கு, 60 வயதைக் கடந்த பெண்கள் 80 பேரில் 8 பேர் லட்சுமி, 30 வயதுக்குக் கீழே உள்ள 120 பேரில் 3 பேர் லட்சுமி என்று வந்தால், நூற்றுக்குப் பத்து என்பது நூற்றுக்கு இரண்டரை ஆகியிருக்கிறது. இறங்குமுகம்! ஆனால் 3 பேர் 4 பேர் ஆனதற்கெல்லாம் "ஏறிவிட்டது" என்று துள்ளிக் குதிக்காதீர்கள். சின்னப் பட்டியலில் ஒரு குடும்பம் குடி வந்தாலே எண் மாறிவிடும். பக்கத்து வாக்குச்சாவடிப் பட்டியல்களிலும் அதே மாதிரி வருகிறதா என்று பாருங்கள்.

இந்தப் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று கண்டுபிடித்தீர்களா? ஆமாம், நீங்கள்தான்! 18 வயது ஆகாதவர்கள் இதில் இல்லை. கல்யாணமாகி வேறு ஊர் போன அக்காக்களும் இறந்து போன பாட்டிகளும் இல்லை. வேறு ஊரிலிருந்து வாழ வந்தவர்கள் இருக்கிறார்கள். இதையும் உங்கள் கணக்குக்குக் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். இன்னொன்று: எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். யாருடைய முழுப் பெயரையும் வீட்டு எண்ணையும் நோட்டில் எழுத வேண்டாம்.

லட்சுமி முடிந்ததும் அடுத்து எந்தப் பெயர்? உங்கள் பெயர்தானே! உங்கள் பெயரோடு 60 வயதைக் கடந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று முதலில் தேடுங்கள். ஒருவர்கூட இல்லை என்றால், எந்த வயதில் முதல் ஆள் வருகிறார் என்று பாருங்கள். அவர் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டால், உங்கள் பெயர் உங்கள் ஊருக்குள் எப்போது வந்தது என்பது சுமாராகத் தெரிந்துவிடும்.